கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி, எத்தனை பிட்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அண்ணா, 4 ஜிபி கார்ட் எண்டு சொல்லித்தான் வாங்கினனான். தம்பியின்ர பழைய 2 ஜிபி கார்டில கேம் இதைவிட நல்லா ஓடுது. ஏன்?"

4 ஜிபி என்பது கார்டில் எவ்வளவு கொள்ளும் என்பதற்கான கணக்கு. கொண்டதை எவ்வளவு வேகமாக எடுத்துப் பாவிக்கலாம் என்பது வேறு கணக்கு. உங்களுடைய கார்ட் முதலாவதில் வென்று இரண்டாவதில் தோற்றுவிட்டது.

கார்டின் விவரங்களைக் காட்டும் `GPU-Z` மென்பொருளிலிருந்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பாருங்கள். அதில் `Memory Type` என்ற இடத்தில் டிடிஆர்3, `Bus Width` என்ற இடத்தில் 64 பிட், `Bandwidth` என்ற இடத்தில் விநாடிக்கு 14.4 ஜிபி என்று இருக்கிறது. அது ஜிடி 730. தம்பியிடம் இருப்பது 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050. அதில் ஜிடிடிஆர்5 நினைவகம், 128 பிட் பஸ், விநாடிக்கு 112 ஜிபி. ஏறக்குறைய 8 மடங்கு வித்தியாசம். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருதரம் போட்டுப் பார்த்தால், இனி எந்தக் கார்டின் விளம்பரத்தைக் கண்டாலும் நீங்களே கணக்கெடுக்கலாம்:

```
பேண்ட்வித் = பஸ் அகலம் ÷ 8 × நினைவகத்தின் வேகம்
ஜிடி 730    :  64 ÷ 8 × 1.8 = 14.4
ஜிடிஎக்ஸ் 1050: 128 ÷ 8 × 7   = 112
```

பஸ் அகலம் என்பது சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவில் எத்தனை கம்பி என்பது. அதை 8ஆல் பிரிப்பது பிட்டை பைட்டாக்குவதற்கு. நினைவகத்தின் வேகம் என்பது ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு எத்தனை கிகாபிட் போகிறது என்பது.

இப்போது அதைக் கேமுக்குக் கொண்டுவருவோம். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் 14.4ஐ 60ஆல் பிரிக்க வேண்டும். ஒரு பிரேமுக்கு 240 எம்பிதான் வரும். உங்கள் கார்டில் 4 ஜிபி நிறையப் படங்களை ஏற்றி வைத்தாலும், ஒரு பிரேம் கீறி முடிப்பதற்குள் சிப் அதில் 240 எம்பிக்கு மேல் தொட முடியாது. முழு 4 ஜிபியையும் ஒருமுறை வாசித்து முடிக்கவே கால் விநாடிக்கு மேல் எடுக்கும். அந்த வேகத்துக்கு 4 ஜிபி தேவையே இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதற்காக மலிவான நினைவகத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதோடு 1050இன் சிப்பும் பலமானது என்பதால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஜிடி 730 பொய்யான கார்ட் இல்லை. மொனிட்டருக்கு ஒரு இணைப்பு வேண்டும், பழைய மெஷினில் வீடியோ பார்க்க வேண்டும் என்றால் போதும். கேமுக்கு என்று சொல்லி விற்பதுதான் அநியாயம்.

"128 பிட் கார்ட் எடுக்காதே, 256 பிட்தான் கார்ட் எண்டு எல்லாரும் சொல்லீனம். உண்மையா?"

ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள் ஒப்பிட்டால் பெரும்பாலும் சரி. தலைமுறை மாறினால் பிழை.

ஒரு கார்டின் கூலரைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நடுவில் பெரிய சிப் இருக்கும். அதைச் சுற்றி, பல்லுப்போல வரிசையாகச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் நிற்கும். அவைதான் நினைவகச் சிப்கள். ஜிடிடிஆர்6 சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலத்தில் நடுச்சிப்போடு இணைகிறது. ஆக, 4 சிப் இருந்தால் 128 பிட், 6 இருந்தால் 192 பிட், 8 இருந்தால் 256 பிட். ஒரு சிப் 1 ஜிபியாகவோ 2 ஜிபியாகவோ வரும். ஆர்டிஎக்ஸ் 3060க்கு ஏன் 12 ஜிபி என்ற விசித்திர எண் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அதன் பஸ் 192 பிட், எனவே 6 சிப். 1 ஜிபிச் சிப் போட்டால் 6 ஜிபி ஆகும், 2 ஜிபிச் சிப் போட்டால் 12 ஜிபி ஆகும். அந்த அகலத்தை முழுதாகப் பாவித்துக்கொண்டு நடுவில் 8 ஜிபி என்று நிற்க வழியில்லை.

பிறகு 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபிக் கார்டும் வந்தது. அதில் இரண்டு சிப் குறைந்தபடியால் பஸ்ஸும் 128 பிட் ஆகிவிட்டது, பேண்ட்வித் 360இலிருந்து 240க்கு இறங்கிவிட்டது. பெயரைப் பார்த்து "4 ஜிபிதானே குறைவு" என்று நினைத்து எடுத்தால், வேகத்தில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து இழக்கிறீர்கள். பாவித்த 3060 வாங்கும்போது இதை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

தலைமுறை மாறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோடி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ 256 பிட், ஜிடிடிஆர்6, வேகம் 14. அது விநாடிக்கு 448 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 அதில் பாதி, 128 பிட்தான். ஆனால் ஜிடிடிஆர்7, வேகம் 28. அதுவும் 448 ஜிபி. அகலத்தை மட்டும் பார்த்து 5060ஐத் தள்ளி வைத்தால் அது பிழையான முடிவு.

இன்னொன்று, சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ். 3060இல் 3 எம்பியாக இருந்த எல்2 கேஷ், 4060இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படுவது உள்ளேயே கிடைத்துவிட்டால் வெளியே நினைவகத்துக்குப் போகும் தடவை குறையும். அதனால்தான் 4060 விநாடிக்கு 272 ஜிபியை வைத்துக்கொண்டே பெரும்பாலான கேம்களில் 1080பியில் 3060ஐ முந்துகிறது. ரெசொலூஷன் கூடக் கூட அந்தக் கேஷில் கொள்ளும் பங்கு குறையும். 4கே மொனிட்டரில் ஒல்லிப் பஸ்ஸின் குறை வெளியே தெரியத் தொடங்கும்.

கேஷ் வேகத்துக்கு உதவும், கொள்ளளவுக்கு உதவாது. 8 ஜிபி நிரம்பினால் நிரம்பியதுதான்.

"மெமரி நிரம்பினா கம்பியூட்டர் நிண்டிடுமா?"

நிற்காது. அதனால்தான் பலருக்கு நிரம்பியதே தெரியாமல் போகிறது.

கார்டின் நினைவகம் முடிந்தால் விண்டோஸ் மிச்சத்தை உங்கள் சாதாரண ரேமில் வைக்கும். அங்கிருந்து கார்டுக்கு வரவேண்டிய வழி மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லொட். பிசிஐஇ 3.0இல் 16 லேன் முழுதாக இருந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி, 8 லேன் என்றால் 8 ஜிபி. கார்டுக்குள் 272 ஜிபி வேகத்தில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று 8 ஜிபி வழியால் வரவேண்டும். கிண்ணியாப் பாலம் கட்டுவதற்கு முன்னர் பாதைப் படகில் வாகனம் ஏற்றிக் கடந்தவர்களுக்கு இது விளங்கும். கரையில் ரோட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதை வரும்வரை நிற்கத்தான் வேண்டும்.

இங்கே பழைய மதர்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் 8 லேன் கார்டுகள். ஸ்லொட் நீளமாக இருந்தாலும் 8 லேன்தான் பாவிக்கும். பிசிஐஇ 4.0 போர்டில் அது 16 ஜிபி, 3.0 போர்டில் 8 ஜிபி. நினைவகம் நிரம்பாதவரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பினால்தான் பழைய போர்ட்காரருக்கு இரட்டிப்பு அடி.

வெளியே தெரியும் அறிகுறிகள் வேலைக்கு வேலை மாறும். கேமில் சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் திரும்பும்போதோ புது இடத்துக்குள் போகும்போதோ படம் ஒரு கணம் இறுகி விடும். சில கேம்கள் இறுகாமல் இருக்கத் தரத்தைக் குறைத்துவிடும். சுவரும் உடுப்பும் கழுவி ஊற்றியது மாதிரி மங்கலாக நிற்கும், கிட்டப் போனாலும் தெளிவாகாது. 3டி வேலைக்கான புளெண்டரில் ரெண்டர் வேகம் சட்டென்று விழும், அல்லது நினைவகம் போதாது என்று நிறுத்திவிடும். வீடியோ வெட்டும் டாவின்ச்சி ரிசோல்வ் நேரடியாகவே `Your GPU memory is full` என்று எழுதிக் காட்டும்.

"என்ர மெஷினில எவ்வளவு போகுது எண்டு எங்க பார்க்கிறது?"

டாஸ்க் மானேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் `GPU` என்பதை அழுத்துங்கள். கீழே மூன்று எண் இருக்கும். `Dedicated GPU memory` என்பதுதான் கார்டிலேயே இருப்பது. `Shared GPU memory` என்பது உங்கள் ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடியது. `GPU Memory` என்று மேலே நிற்பது இரண்டினதும் கூட்டுத்தொகை.

இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் சிலர் கார்ட் விற்கிறார்கள். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 4 ஜிபிக் கார்ட் போட்டால் அங்கே 12 ஜிபி என்று காட்டும், ஏனென்றால் விண்டோஸ் ரேமில் பாதியைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்தப் படத்தை எடுத்து "12 ஜிபிக் கார்ட்" என்று போட்டால் நம்ப வேண்டாம். `dxdiag` காட்டும் மொத்த எண்ணும் இதே மாதிரித்தான்.

வேலை ஓடும்போது முதல் எண் உச்சியில் போய் நிற்கிறதா, அதே நேரம் `Shared` ஏறத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக நடந்தால் நினைவகம் போதவில்லை. முதல் எண் மட்டும் உயரமாக இருந்து `Shared` அசையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். இடம் இருக்கிறபடியால் கேம் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கலாம். 12 ஜிபிக் கார்டில் 9 ஜிபி எடுக்கும் கேம், 8 ஜிபிக் கார்டில் 7க்குள் அடங்கி ஒழுங்காக ஓடுவதும் உண்டு.

என்விடியா கார்ட் என்றால் கட்டளை வரியில் இதைப் போட்டால் விநாடிக்கு ஒருமுறை எண் வரும், வேலை முடியும்வரை விட்டுப் பார்க்கலாம்:

```
nvidia-smi --query-gpu=name,memory.total,memory.used --format=csv -l 1
```

ஒன்றும் திறக்காமலே ஒரு பங்கு போயிருக்கும். விண்டோஸ் திரை, பிரவுசரில் திறந்து வைத்த பக்கங்கள், இரண்டாவது மொனிட்டர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 4 ஜிபிக் கார்டில் பிரவுசரை மூடுவதே உண்மையான உதவி.

"நாங்க கலியாண வீடியோ செய்யிறம். 4கேயில எடுத்து ரிசோல்வில வெட்டுறம். புது 4060 8 ஜிபியா, பாவிச்ச 3060 12 ஜிபியா?"

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. கோணேசர் கோவில் தாலிகட்டு, பின்னேரம் ஹோட்டல் வரவேற்பு, அடுத்த கிழமை அல்பமும் வீடியோவும் கொடுக்க வேண்டும் என்று ஓடும் சின்ன ஸ்டூடியோக்கள் எல்லாம் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. இந்த இரண்டில் புதியது 4060. ஆனால் உங்கள் வேலைக்கு நான் 12 ஜிபி 3060ஐத்தான் சொல்வேன். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

4கே பிரேம் ஒன்று 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 இலட்சம் பிக்சல். ரிசோல்வ் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்கிறது. ஒரு பிக்சலுக்கு நான்கு அலைவரிசை, ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 16 பைட். பெருக்கினால் ஒரு பிரேமுக்கு 133 எம்பி. கமராக் கோப்பில் அந்தப் பிரேம் ஒரு எம்பிகூட இல்லாமல் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கார்டில் அது விரிந்துதான் இருக்கும்.

இனி உங்கள் டைம்லைனை எடுங்கள். நிறம் திருத்த ஐந்தாறு நோட், மண்டப வெளிச்சம் போதாத இடத்தில் நொய்ஸ் ரிடக்ஷன், மேலே பெயர் எழுத்து, மணமக்கள் நடந்து வரும் இடத்தில் மெதுவாக்கிய காட்சி. ஒவ்வொரு படியும் பிரேமின் இன்னொரு பிரதியைக் கேட்கலாம். காலவழி நொய்ஸ் ரிடக்ஷன் முன்னும் பின்னும் இரண்டு இரண்டு பிரேமை வைத்து ஒப்பிட்டால் அதற்கு மட்டும் ஐந்து பிரேம், 665 எம்பி. மெதுவாக்கும்போது நடுப்பிரேமைக் கண்டுபிடிக்க இன்னும் பிரேம்கள். மேலே டிகோடர் தன் பங்குக்கு வரிசை பிடித்து வைத்திருக்கும். கூட்டிக்கொண்டு போனால் 8 ஜிபி எப்படி முடிகிறது என்பது விளங்கும். 1080பி டைம்லைனில் ஒவ்வொன்றும் நாலில் ஒரு பங்கு, ஒரு பிரேம் 33 எம்பிதான். அங்கே 8 ஜிபி தாராளம்.

அதனால் 8 ஜிபிக் கார்ட் ஏற்கெனவே இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். `Project Settings` இல் `Timeline resolution` ஐ 1080பிக்குக் குறைத்து வைத்து வெட்டுங்கள், நிறம் திருத்துங்கள். 4கேயில் கொடுக்க வேண்டுமென்றால் கடைசியில் மட்டும் திரும்ப 2160பிக்கு உயர்த்தி எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். சிக்கல் வந்தால் அந்தக் கடைசி இடத்தில்தான் வரும். இரவு போட்டுவிட்டுப் படுத்து, காலையில் வந்து பார்த்தால் வரவேற்பு இருட்டுக் காட்சியில் அந்தச் செய்தியோடு நின்றிருக்கும். நொய்ஸ் ரிடக்ஷன் போட்ட கிளிப்பை மட்டும் முதலிலேயே தனியாக ரெண்டர் எடுத்து டைம்லைனில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் இந்த வேலையைச் செய்வதைவிட 12 ஜிபிக் கார்ட் நிம்மதி.

கார்ட் வாங்க முதல் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். உங்களுக்கு இருக்கும் கஷ்டம் நினைவகக் கஷ்டமா என்பதே சந்தேகம். புதுக் கமராக்கள் பல 10 பிட் 4:2:2 கோப்பாகப் பதிகின்றன. 3060உம் சரி 4060உம் சரி, 4:2:2 எச்.264, எச்.265 கோப்புகளை வன்பொருளில் டிகோட் செய்யாது. அந்தச் சுமை முழுக்க சிபியுவில் விழும். டைம்லைனில் எந்த எஃபெக்ட்டும் போடாமல் வெறும் கிளிப்பை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதே தடக்கித் தடக்கிப் போய், டாஸ்க் மானேஜரில் சிபியு உச்சியில் நின்று, கார்டின் நினைவகம் பாதிகூட நிரம்பாமல் இருந்தால், எத்தனை ஜிபிக் கார்ட் வாங்கினாலும் அது தீராது. அதற்கு மருந்து ப்ரொக்ஸி, அதாவது வெட்டும்போது மட்டும் கிளிப்பின் இலேசான பிரதியை வைத்து வேலை செய்வது. வெறும் கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடி, நோட் போடப் போட நிற்கத் தொடங்கினால்தான் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும். 11ஆம் தலைமுறை இன்டெல் கோர் சிபியுவும் அதற்குப் பிறகு வந்தவையும், உள்ளே கிராபிக்ஸ் இருந்தால், எச்.265 4:2:2 கோப்பைத் தாங்களே டிகோட் செய்யும். எனவே பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள சிபியுவை வீடியோக்காரர் எடுக்காமல் விடுவது நல்லது, அதில் உள்கிராபிக்ஸ் இல்லை.

4060இன் பக்கத்தில் நிற்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது 115 வாட், 3060 170 வாட். பழைய பவர் சப்ளையை மாற்ற வேண்டி வந்தால் விலைக் கணக்கு மாறும். ஏவி1 கோப்பாக எக்ஸ்போர்ட் பண்ணும் வசதி 4060இல் உண்டு, 3060இல் இல்லை. புதுக் கார்டுக்கு வாரண்டி இருக்கிறது. நீங்கள் 1080பியில் மட்டும் கொடுக்கும் ஸ்டூடியோ என்றால் என் விடையும் 4060ஆக மாறிவிடும்.

"கேமுக்கு மட்டும்தான் அண்ணா. எத்தனை ஜிபி போதும்?"

உங்கள் மொனிட்டரும் நீங்கள் விளையாடும் கேமும்தான் அதைத் தீர்மானிக்கும். வலோரன்ட், சிஎஸ்2 மாதிரி போட்டிக் கேம்களை 1080பியில் விளையாட 4 ஜிபியே போதும். அங்கே சிபியுவுக்குக் காசு போடுவது புத்தி. கடந்த சில வருடத்துப் பெரிய கதைக் கேம்களுக்கு 1080பியில் 8 ஜிபி வேண்டும், அதுவும் டெக்ஸ்ச்சரை உச்சியில் வைக்காமல். 1440பி மொனிட்டர், ரே டிரேசிங் என்று போனால் 12 ஜிபி. 4கே என்றால் 16 ஜிபி.

நினைவகத்தைத் தின்பது மொனிட்டரின் ரெசொலூஷன் என்று நினைப்பவர்கள் அதிகம். திரைக்குப் போகும் 1080பிப் படம் ஒன்று 8 எம்பிதான். வேலை நடக்கும்போது அதைப்போலப் பல படங்கள் தேவைப்படும், இருந்தாலும் பெரும்பங்கு டெக்ஸ்ச்சருக்குத்தான் போகிறது. 4096 × 4096 அளவு டெக்ஸ்ச்சர் ஒன்று சுருக்காமல் 64 எம்பி. கேம்கள் அதைச் சுருக்கி 16 எம்பி ஆக்கி, தூரத்துக்கான சிறிய பிரதிகளையும் சேர்த்து 21, 22 எம்பியாக வைக்கும். ஒரு தெருவில் இப்படி எத்தனை சுவர், எத்தனை முகம், எத்தனை வாகனம் என்று பாருங்கள். ஆகவே நினைவகம் போதாவிட்டால் முதலில் கைவைக்க வேண்டியது டெக்ஸ்ச்சர் செட்டிங்கில். உச்சியிலிருந்து ஒரு படி இறக்கினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, இறுகுவது நின்றுவிடும். ஜிடிஏ 5இன் கிராபிக்ஸ் செட்டிங்கில் எவ்வளவு நினைவகம் போகும் என்பதை ஒரு கோடாகவே காட்டுவார்கள். ஒவ்வொரு செட்டிங்காக மாற்றி அந்தக் கோடு எதற்கு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் அங்கேயே பாடம் கிடைத்துவிடும்.

பஸ் அகலம் குறைவு என்றால் மருந்து வேறு. அங்கே டெக்ஸ்ச்சரைக் குறைத்துப் பெரிய பலன் இல்லை. ரெசொலூஷனையும் அன்டிஅலியாசிங்கையும் இறக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிரேமிலும் எழுதி வாசிக்கும் அளவை அவைதான் கூட்டுகின்றன. நினைவகம் போதாதது இறுக்கமாகத் தெரியும். பேண்ட்வித் போதாதது எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைந்த பிரேமாகத் தெரியும்.

"நிலாவெளி கம்பஸில கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறன். புரொஜெக்டுக்குப் படங்களை வச்சு மொடல் ஒண்டு ட்ரெயின் பண்ண வேணும். 6 ஜிபி லப்டொப் காணுமா?"

தொடங்கக் காணும். ரெஸ்நெட்-50 மாதிரி மொடலில் ஏறக்குறைய 2 கோடியே 56 இலட்சம் எண்கள். ஆடம் முறையில் ட்ரெயின் பண்ணினால் ஒவ்வொரு எண்ணுக்கும் 16 பைட் வேண்டும், மொத்தம் 400 எம்பி அளவில் வரும். மிச்சத்தைத் தின்பது நடுப்படிகளில் சேமிக்கும் கணக்குகள், அவை பேட்ச் அளவோடு நேராகக் கூடும். `CUDA out of memory` என்று வந்தால் மொடலை மாற்றாமல் பேட்ச்சைப் பாதியாக்கிப் பாருங்கள். பிறகு 16 பிட் கலந்த ட்ரெயினிங்கைப் போடுங்கள், அது அந்தச் சேமிப்பை நன்றாகக் குறைக்கும். இங்கே கேமைப்போல ஒரு படி இறக்கிச் சமாளிக்க முடியாது. கொள்ளாவிட்டால் ஓடாது. ஆகவே இந்த வேலைக்கென்று கார்ட் வாங்கினால் வேகத்தைவிட ஜிபிக்கு முன்னிடம் கொடுங்கள்.

"பிள்ளையளுக்கு ஸூம் வகுப்பு, எனக்கு வேர்ட், எக்செல். என்ன கார்ட் போட?"

ஒன்றும் போட வேண்டாம். உங்கள் சிபியுவில் உள்கிராபிக்ஸ் இருந்தால் அதுவே போதும். ஆனால் ஒரு சின்னத் திருத்தம் செய்யுங்கள். உள்கிராபிக்ஸ் தன் நினைவகமாகப் பாவிப்பது உங்கள் ரேமைத்தான். ஒரே ஒரு டிடிஆர்4-3200 ரேம் இருந்தால் 64 பிட், விநாடிக்கு 25.6 ஜிபி. அதே மாதிரி இன்னொன்றைச் சரியான ஸ்லொட்டில் போட்டால் 128 பிட், 51.2 ஜிபி. மேலே சொன்ன ஜிடி 730இன் 14.4ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கார்டுக்குப் போடும் காசில் ரேம் வாங்குவது எவ்வளவோ மேல்.

"கொழும்பில இருந்து பாவிச்ச கார்ட் எடுப்பிக்கிறன். மெமரி சரியா எண்டு எப்பிடிப் பார்க்கிறது?"

யூனிட்டி பிளாசாப் பக்கமிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தாலும், உப்புவெளியில் ஒருவர் கையில் தந்தாலும் சோதனை ஒன்றுதான். காசு கொடுக்க முதல் `GPU-Z` இன் முதற்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். பெயர், நினைவக வகை, பஸ் அகலம், அளவு, பேண்ட்வித் ஐந்தும் அதில் இருக்கும். அந்தக் கார்டுக்கு உற்பத்தியாளர் தரும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பழைய கார்டின் பயோஸை மாற்றிப் புதுப் பெயர் போட்டு விற்பது நடக்கிறது. அப்படிப்பட்ட என்விடியாக் கார்ட் என்றால் பெயருக்கு முன் `[FAKE]` என்று `GPU-Z` காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 வாங்கினால் சிப்பின் ஷேடர் எண்ணிக்கை 2304ஆ 2048ஆ என்றும் பாருங்கள். இரண்டும் அதே பெயரில் சந்தையில் இருக்கின்றன, இரண்டாவது மெதுவானது.

கார்ட் கைக்கு வந்ததும் `OCCT` இல் உள்ள `VRAM` சோதனையை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. சும்மா திரை வருகிறது என்பதால் திருப்திப்பட வேண்டாம். சிப் ஒன்றில் பழுதான இடம் இருந்தால், நினைவகம் அந்த இடம்வரை நிரம்பும்வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு திரையில் நிறச் சதுரங்கள், ஒழுங்கான இடைவெளியில் கோடுகள் வரும். சதுரமும் கோடும் ஒரே ஒழுங்கில் வந்தால் பெரும்பாலும் நினைவகம்தான்.

நம்முடைய ஊருக்கென்று ஒரு சோதனையும் இருக்கிறது. கடற்கரையோரத்தில் திறந்த ஜன்னலோடு ஓடிய மெஷினில் உப்புக்காற்று கார்டையும் தின்னும். பின்பக்கத் தகரத்தில் துரு, ஸ்க்ரூத் தலையில் வெள்ளைப் பூச்சு, சோல்டர் பக்கத்தில் பச்சை படர்ந்திருந்தால் விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

"இருக்கிற கார்டில மெமரியைக் கூட்டலாமா? பயோஸில ஒரு செட்டிங் இருக்கு எண்டு சொன்னவை."

கார்டில் கூட்ட முடியாது. சிப்கள் போர்டில் சோல்டர் பண்ணியிருக்கின்றன. பயோஸில் இருப்பது உள்கிராபிக்ஸுக்கு ரேமிலிருந்து எவ்வளவு ஒதுக்குவது என்ற செட்டிங். 8 ஜிபி ரேம் மெஷினில் அதை 2 ஜிபிக்கு உயர்த்தினால் விண்டோஸுக்கு 6 ஜிபிதான் மிஞ்சும், வேகம் அப்படியே இருக்கும். ஒரு கேம் குறிப்பிட்ட அளவு இல்லையென்று திறக்க மறுத்தால் மட்டும் அதை மாற்றுங்கள், மற்றபடி `Auto` இல் விட்டுவிடுங்கள்.